பூட்டிய கடையின் கணக்கு

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வியாபாரத்தில் ஜெயித்தவர்கள் பேசிய மேடையில் கடையை இழுத்து மூடியவர்கள் பேச வந்திருக்கிறோம். நாங்கள் மூன்று பேர். இருவர் ஓர் அத்தாவின் பிள்ளைகள், ஒருவர் சாச்சாவின் மகன். எங்கள் நன்னா 1958-ல் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தின் முச்சந்தியில் மளிகைக் கடை போட்டார். அவருக்குப் பின் அத்தாவும் சாச்சாவும் அதை நடத்தினார்கள். 1995-ல் கடை ஈப்போவுக்கு, லஹாட் சாலைப் பக்கம் மாறியது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பூட்டினோம்.

பூட்டிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள்தான் இருந்தன. வெளியார் கேட்டால், "நஸீபு, நம்ம கையில என்ன இருக்கு" என்போம். வீட்டுக்குள் பேசும்போது, "சாச்சா வாங்கிப் போட்ட வெங்காயம்தான் கடையைக் கவிழ்த்தது" என்போம். அந்த இரண்டாவது பதிலால் இரண்டு குடும்பங்களும் பல வருடம் ஒருவர் வீட்டு விருந்துக்கு ஒருவர் போகாமல் இருந்தோம். சில வருடங்களுக்கு முன் அத்தா மௌத்தான பிறகு, அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். ரப்பர் வளையம் போட்ட 555 கையேடுகள், நாள்வழிக் குறிப்பு, வங்கி அறிக்கைகள், காசோலை அடிக்கட்டைகள், பினாங்கு மொத்த வியாபாரிகளின் பில்கள் எல்லாம் இருந்தன. மூன்று பேரும் உட்கார்ந்து முதன்முறையாக அந்தக் கணக்கைக் கூட்டினோம். இரண்டு பதில்களுமே தப்பு என்று தெரிந்தது. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், எது நஸீபு, எது தவறு என்று எப்படிப் பிரித்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நடந்து முடிந்த பிறகு எல்லாரும் புத்திசாலிதான். ஆகவே ஒவ்வொரு நஷ்டத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்டோம். அது வரப்போகிறது என்று அந்த நாளிலேயே எங்களுக்குத் தெரிந்திருக்க முடியுமா? தடுக்க ஒரு வழி, எங்கள் வசதிக்குள், அப்போது இருந்ததா? அதே அடி பட்ட பக்கத்துக் கடை நின்றதா, விழுந்ததா? தெரிந்திருக்க முடியாது, வழி இல்லை, பக்கத்துக் கடையும் அதேபோல் அடிபட்டது என்றால் அது நஸீபு. மற்றபடி அது எங்கள் தவறு. ஒரே நஷ்டத்தில் இரண்டும் கலந்திருந்தால் தொகையை இரண்டாகப் பிரித்தோம்.

1992 முடிவிலிருந்து 2000 வரை எங்கள் கடை முதலில் கரைந்தது 99,600 வெள்ளி. சரக்கிருப்பில் சில வருடங்களுக்கு மதிப்பு மட்டுமே போட முடிந்ததால், ஐயாயிரம் முன்னே பின்னே இருக்கலாம். அது ஆறு இடங்களில் போயிருந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலில் தோட்டத்துக் கடன். தோட்டத்துக் கடையை அறியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கம். தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒரு தடவை. அரிசியும் பருப்பும் தினமும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 555 புத்தகம். சாமான் வாங்கும்போது எழுதுவோம், சம்பள நாளில் கட்டுவார்கள், முடியாததை மீதியாக அடுத்த மாதத்தில் தூக்கி எழுதுவோம். மழை பிடித்தால் பால் வெட்ட முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது பால் குறையும். அந்த மாதங்களில் மீதி கூடும், பிறகு இறங்கும். இது எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்த ஏற்ற இறக்கம்.

எங்கள் கடையில் ஏறக்குறைய 140 குடும்பங்கள் பற்று வைத்திருந்தன. கடன் கொடுத்தால் எழுதி வைக்க வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கட்டளை. நாங்கள் எழுதத்தான் எழுதினோம், கூட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வீட்டின் மீதியும் அந்தந்தப் புத்தகத்தில் இருந்தது. 140 மீதிகளையும் சேர்த்தால் எவ்வளவு என்று சொல்லும் ஒரு பக்கம் கடையில் இல்லை.

இப்போது கூட்டியபோது தெரிந்தது இது. 1988-ல் மாதக் கடன் விற்பனை 24,000 வெள்ளி, சம்பள நாள் கழித்து நின்ற மீதி 9,000. அதாவது பதினோரு நாள் வியாபாரம் வெளியே நின்றது. 1992 கடைசியில் மாத விற்பனை 27,000, மீதி 41,000. நாற்பத்தைந்து நாள் வியாபாரம் வெளியே. விற்பனை கொஞ்சம் கூடியதைப் பார்த்து அத்தா சந்தோஷப்பட்டார். மீதி நாலு மடங்குக்கு மேல் ஆனதை யாரும் பார்க்கவில்லை.

விற்பனை ஏன் கூடியது என்பதுதான் எங்களை உறைய வைத்தது. ரப்பர் மரத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து, முப்பது வருட ஆயுசு. மரத்தை அழித்து மறுநடவு செய்ய நிர்வாகம் முடிவு செய்துவிட்டால், பட்டையைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கடைசிச் சில வருடங்களில் ஏணி வைத்து மேல்பட்டையை வெட்டுவார்கள், பால் கூட மருந்து தடவுவார்கள், மரத்தில் உள்ளதை எல்லாம் எடுத்துவிடுவார்கள். அப்போது பால் கூடும். வெட்டுகிறவர் கையில் காசும் கூடும். நாங்கள் அந்தக் காசை வளர்ச்சி என்று நினைத்து, ரேடியோவும் மிதிவண்டியும்கூடத் தவணைக்கு எடுத்துக் கொடுத்தோம். அது ஒரு தோட்டத்தின் கடைசி மூச்சு.

1993-ல் மரங்கள் சாய்ந்தன. செம்பனை வைத்தார்கள். செம்பனை காய்க்க மூன்று வருடம் போல ஆகும், காய்த்த பிறகும் ஒரு மரத்தில் குலை அறுப்பது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான். ரப்பரைப் போல விடியுமுன் பெரட்டுக்கு அத்தனை பேர் வந்து நிற்க வேண்டியதில்லை. லயங்கள் காலியாகின. ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பினாங்கு தொழிற்சாலைகளுக்கும் குடும்பங்கள் போயின. 41,000-ல் 13,000 திரும்பி வந்தது. 28,000 போனது. ஏமாற்றியவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டோம். ஐந்தாறு வருடம் கழித்து ஈப்போ கடையைத் தேடி வந்து இருநூறு வெள்ளியை வைத்துவிட்டுப் போன பெரியவர்களும் உண்டு. வேலை போனவரால் எப்படிக் கட்ட முடியும்?

தெரிந்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். தோட்டத்து மரங்கள் நன்னா கடை போட்ட பிறகு, அறுபதுகளின் முதல் பாதியில் நட்டவை. வயதை யாரும் கணக்குப் போட்டிருக்கலாம். ஏணிகள் எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் போயின. கிராணி வாரம் இரண்டு தடவை கடையில் தேநீர் குடித்தார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அதைவிடப் பெரிய சாட்சி நன்னாவின் பேரேடு. 1968-ல் வந்த ஒரு சட்டத்தால், 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பால்வெட்டுத் தொழிலாளர்கள் கப்பலேறி ஊர் திரும்பியதை இந்தச் சபையில் உள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது நன்னாவின் கடன் நிறைய போனது. அதன் பிறகு அவர் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி எழுதி வைத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு மாதச் சாமானுக்கு மேல் நிற்கக் கூடாது, தாண்டினால் அரிசி, பருப்பு, எண்ணெய் மட்டும் கொடு. அவர் மௌத்தான பிறகு பேரேடு புதிதாக மாறியது. முதல் பக்கத்தை யாரும் எடுத்து எழுதவில்லை.

தோட்டம் செம்பனைக்கு மாறியது எங்கள் கையில் இல்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் போயிருக்கும். 1988-ல் இருந்த அளவிலேயே மீதியை நிறுத்தியிருந்தால், ஏறக்குறைய 6,000 வெள்ளி போயிருக்கும். அது நஸீபு. மிச்சம் 22,000 எங்கள் தவறு.

அடுத்து, ஈப்போவில் உணவுக் கடைகளுக்குக் கொடுத்த கடன். தோட்டத்துப் பாடத்தை நாங்கள் படித்திருந்தால் ஈப்போவில் வேறு மாதிரி நடந்திருப்போம். அங்கே வீடுகளுக்குப் பதில் உணவுக் கடைகள், புத்தகத்துக்குப் பதில் பில். அவ்வளவுதான் வித்தியாசம். 1997 ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய பண நெருக்கடி நம் நாட்டுக்கும் வந்தது. டாலருக்கு இரண்டரை ரிங்கிட் என்றிருந்தது 1998 ஜனவரியில் நாலரையையும் தாண்டியது. செப்டம்பரில்தான் அரசாங்கம் 3.80 என்று கட்டி நிறுத்தியது. வேலையிழந்த ஜனங்கள் வெளியே சாப்பிடுவதைக் குறைத்தார்கள். உணவுக் கடைகள் எங்களுக்குக் கட்ட வேண்டியதில் 17,000 வெள்ளி நின்றுபோனது.

அதைப் பிரித்துப் பார்த்தோம். 11,000 வெள்ளி இரண்டே கடைகளில் நின்றது. இருவரும் எங்களுக்கு வேண்டியவர்கள். பழைய பில் கட்டாமலே புதுச் சரக்கு எடுத்தார்கள், நாங்களும் முகத்தைப் பார்த்துக் கொடுத்தோம். மிச்சம் 6,000 பத்துப் பன்னிரண்டு சின்னக் கடைகளில் சிறு சிறு தொகைகளாக இருந்தது. அந்த வருடம் எங்கள் தெருவில் எந்தக் கடைக்கும் அந்த மாதிரிச் சிதறிய கடன் வராமல் இருக்கவில்லை. ஆகவே 6,000 நஸீபு, 11,000 தவறு.

மூன்றாவது, வங்கி வட்டி. இந்தச் சபையில் இதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஈப்போ கடை திறக்க அத்தா வங்கியில் 90,000 வெள்ளி ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தார். 1998 நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதம் 12 சதவீதத்தைத் தாண்டியது. "வட்டி ஏறித்தான் நம்மை அழித்தது" என்று அத்தா கடைசி வரை சொன்னார். கணக்குப் போட்டோம். எங்களுக்கு உச்சத்தில் மூன்று சதவீதம் கூடியது. 90,000-க்கு அது வருடம் 2,700, மாதம் 225 வெள்ளி. பதினான்கு மாதமும் உச்சமாகவே வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய 3,000 வெள்ளிதான் வருகிறது. வட்டி ஏறும் என்று ஈப்போ மளிகைக் கடைக்காரர் யாரும் 1995-ல் கண்டிருக்க முடியாது. அதை நஸீபில் வைத்தோம். ஆனால் அத்தனை வருடம் நாங்கள் சபித்த சாபத்துக்கு அது மிகச் சின்னத் தொகை. கடன் எடுத்ததே சரியா என்பது வேறு கேள்வி. இஸ்லாமிய வங்கி நம் நாட்டில் 1983-லேயே வந்துவிட்டது. அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்த அடையாளம் பெட்டியில் எங்கும் இல்லை.

நான்காவது, சாச்சாவின் நோய். 1998 தொடக்கத்தில் சாச்சாவுக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் அவர் கடைக்கு வரவில்லை. அத்தா பாதி நாள் ஆஸ்பத்திரியில். கடை மதியத்துக்கு மேல்தான் திறந்தது. அந்த ஐந்து மாத விற்பனைக் குறைவையும், திறக்காமலே கட்டிய வாடகையையும், சம்பளத்தையும் சேர்த்தால் 12,000 வெள்ளி. இது முழுக்க நஸீபு. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதில் பாதி சாச்சாவின் மனக்கணக்கில் இருந்தது. அவர் படுத்தபோது வசூலும் படுத்தது. நோய் யாருக்கும் வரும். ஒரு மனிதரின் தலைக்குள் கடையின் கணக்கை வைத்தது நாங்கள்.

ஐந்தாவதாக வெங்காயம். 1998-ல் இந்தியாவில் மழையால் வெங்காயம் கெட்டு, விலை ஆகாயத்துக்குப் போனது. டெல்லி மாநிலத் தேர்தலில் வெங்காயம் பெரிய பேச்சாக இருந்தது. ஏற்றுமதிக்கும் தடை போட்டார்கள். இங்கே மொத்த வியாபாரிகள் சொல்லும் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இன்னும் ஏறும் என்று நினைத்து சாச்சா 200 மூட்டை, நாலு டன், கிலோ மூன்றரை வெள்ளிக்கு வாங்கினார். அதாவது 14,000 வெள்ளி. வெங்காயம் பெரிய விலையில் இருக்கும்போது ஜனங்கள் குறைத்து வாங்குவார்கள் என்பதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது முளைத்து அழுகும் என்பதும் தெரிந்த விஷயம். கால்வாசி அழுகியது. மற்ற நாட்டு வெங்காயம் வந்து விலை இறங்கியது. மிச்சம் 3,000 கிலோவைக் கிலோ 1.80-க்குத் தள்ளி 5,400 வெள்ளி எடுத்தோம். நஷ்டம் 8,600.

எதிர்க்கடையும் அதே விலைக்குத்தான் வாங்கியது. ஆனால் வாரம் முப்பது மூட்டைதான் எடுத்தார்கள். விற்றது போகப் பார்த்து அடுத்த வாரம் எடுத்தார்கள். விலை இறங்கிய வாரம் அவர்களும் அடி வாங்கினார்கள், முப்பது மூட்டைக்கு. எங்களுக்கும் முப்பது மூட்டையே இருந்திருந்தால் 1,300 வெள்ளிதான் போயிருக்கும். அது நஸீபு. 7,300 தவறு. விலை நம் கையில் இல்லை, மூட்டை எண்ணிக்கை நம் கையில் இருந்தது. சாச்சா ஏன் அத்தனை மூட்டை எடுத்தார் என்பதையும் இப்போது எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது. ஐந்து மாதம் படுத்திருந்த நஷ்டத்தை ஒரே வீச்சில் ஈடுகட்ட நினைத்தார்.

கடைசியாக, கல்லாவிலிருந்து எடுத்தது. இதைத்தான் நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. காசோலை அடிக்கட்டைகளையும் ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளையும் தேதிவாரியாக அடுக்கினோம். 1995 முதல் 1999 வரை, வீட்டுச் செலவுக்கென்று மாதம் எடுத்ததற்கு மேல், மூன்று பெரிய தொகைகள் கடையிலிருந்து போயிருந்தன. இராமநாதபுரத்தில் வீடு எடுத்துக் கட்ட 14,000. எங்கள் அக்கா நிக்காஹ் செலவு 11,000. எங்களில் ஒருவரின் கல்லூரிக் கட்டணம் 6,000. மொத்தம் 31,000 வெள்ளி. ஆறு இடங்களில் இதுதான் ஆகப் பெரியது. மூன்றுமே எங்கள் வீட்டுக்காக. சாச்சா வீட்டுக்காக ஒரு காசு இல்லை. கடை இரண்டு பேருக்கும் பொது.

அத்தா திருடவில்லை. வந்து வைத்துவிடலாம் என்றுதான் எடுத்திருப்பார். அக்கா கல்யாணமும் கல்லூரியும் தவறான செலவு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அந்தக் கட்டணத்தில் படித்தவர்தான் இந்தக் கணக்கைப் போட்டார். தவறு என்னவென்றால், அந்தத் தொகை எதிலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால், "முதலில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, இனி கடனுக்குச் சரக்குக் கொடுக்க நம்மிடம் தெம்பு இல்லை" என்று 1997-லேயே தெரிந்திருக்கும். உணவுக் கடைக் கடனை அப்போதே இறுக்கியிருப்போம். இந்த 31,000-ஐ முழுவதும் தவறில் வைத்தோம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். தோட்டத்தில் 6,000, உணவுக் கடைகளில் 6,000, வட்டி 3,000, நோய் 12,000, வெங்காயத்தில் 1,300. நஸீபின் பங்கு 28,300 வெள்ளி. தவறின் பங்கு 71,300. பத்து வெள்ளி போனால் அதில் மூன்றுக்குத்தான் விதியைக் காரணம் சொல்லலாம். ஏழு வெள்ளி எங்கள் கைவேலை. இன்னொன்றும் தெரிகிறது. நஸீபால் வந்த 28,300 மட்டும் போயிருந்தால் கடை நொண்டியிருக்கும், விழுந்திருக்காது. எதிர்க்கடை அப்படித்தான் நொண்டி நின்றது.

எங்கள் பிரிவினை சரியா என்று நீங்கள் கேட்கலாம். சில இடங்களில் வாதிடலாம். 6,000 என்பது 8,000 ஆகலாம். ஆனால் நிலைமையைத் தலைகீழாக்க, ஏழாக இருப்பதை மூன்றாக்க, எங்களால் எந்த வழியும் காண முடியவில்லை. ஒன்றை மட்டும் நிம்மதியோடு சொல்கிறோம். பூட்டும்போது பினாங்கு வியாபாரிகளுக்கும் வங்கிக்கும் வேலையாட்களுக்கும் ஒரு காசு பாக்கி வைக்கவில்லை. முதலைக் கரைத்துத்தான் கட்டினோம்.

இதில் மற்றவர்களுக்கு என்ன பயன் என்றால், நாங்கள் செய்யாமல் விட்டது ஒரே ஒரு காரியம். மாதம் ஒரு தடவை, ஒரு தாளில் நாலு வரி. வெளியே நிற்கும் கடன் மொத்தம் எவ்வளவு, அது எத்தனை நாள் வியாபாரத்துக்குச் சமம். ஆகப் பெரிய இரண்டு கடன்காரர்களிடம் எவ்வளவு நிற்கிறது. கடையில் கிடக்கும் சரக்கின் மதிப்பு எவ்வளவு. வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு. முதல் வரியில் நாள் கணக்கு மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால், விற்பனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், எங்கோ தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். எங்கள் கடையில் அது ஐம்பது மாதத்துக்கு மேல் ஏறியது.

இதற்குப் புதுப் பழக்கம்கூடத் தேவைப்பட்டிருக்காது. ரமலான் தோறும் அத்தா ஜகாத் கொடுத்தார். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கொடுக்க, அன்றைய விலையில் சரக்கை எண்ணி மதிப்புப் போட வேண்டும். எந்தக் கடன் வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அத்தா கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சுமார் இவ்வளவு இருக்கும்" என்று ஒரு மதிப்புப் போட்டு, குறையக் கூடாதே என்று கொஞ்சம் கூட்டியும் கொடுத்தார். கடமை நிறைவேறியது. ஆனால் எண்ணிக் கொடுத்திருந்தால், வருடம் ஒரு தடவையாவது தன் கடையின் உண்மை நிலை அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கை இங்கே படிக்குமுன் சாச்சாவிடம் அனுமதி வாங்கப் போனோம். அவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். கண் மங்கல். வாசித்துக் காட்டினோம். தோட்டம், வங்கி, உணவுக் கடை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கேட்டார்:

"அந்த வெங்காயம் எவ்வளவுப்பா?"

"எட்டாயிரத்து அறுநூறு, சாச்சா."

"மொத்தமே அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் அதுலதான் கடையே போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்" என்றார்.

கல்லாவிலிருந்து எடுத்த 31,000-ஐப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவருக்கு முன்பே தெரியும் என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் எங்கள் வீட்டுச் சொல்லைத் தாங்கிக்கொண்டு, அத்தாவைப் பற்றி எங்களிடம் அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய பங்கைத் திருப்பிக் கொடுப்பது பற்றி எங்கள் இரு வீட்டிலும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் வேண்டாம் என்கிறார். நாங்கள் விடுவதாக இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருந்தால், பழி சொல்லப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே அதைத் திறந்து கூட்டிப் பாருங்கள்.